எண்ணத் தெரியும், நிறுத்தத் தெரியாது

எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி கிடையாது. இந்த வயதிலும் படுக்கும் முன் கதவுத் தாழ்களை எண்ணுகிறேன், வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்தக் குணத்தால்தான் மிஷன் ஆஸ்பத்திரியின் மருந்தறையில் எனக்கு வேலை நிலைத்தது. நான் கலக்கிக் கொடுத்த மருந்தில் ஒரு சொட்டு கூடியது குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அதே குணத்தால்தான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் அறையில் வழக்கமாகக் குளோரோபாம் என்ற மயக்க மருந்து கொடுப்பவர் மலைக்காய்ச்சலில் விழுந்துவிட்டார். மறுநாள் காலையில் கடியப்பட்டணத்து மீனவர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மருந்தறை வாசலில் நின்றபடியே டாக்டர் சொன்னார்:

"நாளைக்குக் குளோரோபாம் நீர்தான் கொடுக்கணும்."

பதில் வருமுன் போய்விட்டார். பக்கத்தில் நின்ற டிரெஸ்ஸர் என் முதுகில் தட்டினான். புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவன், என் வயதுக்காரன்.

"ஏலே, யோகந்தான் ஒனக்கு. சொட்டு எண்ணுகதுல ஒன்ன மிஞ்ச ஆளுண்டா? மூக்குமேல போட்ட துணில விடு, எண்ணு, முடிஞ்சுது."

"எத்தன சொட்டுல நிறுத்தணும்?"

"அது... ஆளப் பாத்து."

"ஆள எப்படிப் பாக்கணும்?"

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பயம்தான். குளோரோபாம் குப்பிகளை அடுக்கி வைத்தவன் நான். அது மூச்சையும் நிறுத்தும், நாடியையும் நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். ஒருவனுக்குப் போதுமான அளவு இன்னொருவனுக்கு எமன். அங்கே எண்ணிக்கை உதவாது. மூச்சையும் கண்மணியையும் உதட்டு நிறத்தையும் பார்த்துக் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது. தெரியாது என்றால் வேலை போகலாம். தெரிந்தவனைப் போல நின்றால் அந்த மனிதர் மேஜையிலேயே போகலாம்.

வெறும் "முடியாது" என்று போய் நிற்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. யோசித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"ஐயா, இந்த வேல எனக்குத் தெரியாது. நாளைக்கு என் கையால ஆளு செத்துப்போவும்."

"அப்பம் உமக்கு இங்க என்ன வேல?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது.

"மருந்துவேல தெரியும் ஐயா. பெண்கள் வார்டு பெரிய நர்ஸம்மாவுக்குக் குளோரோபாம் கொடுத்துப் பழக்கம் உண்டு. அவங்கள இங்க விடுங்க. அவங்க வார்டு மருந்த நான் காலையிலேயே எடுத்துக் கொடுக்கேன். எனக்கும் படிப்பிச்சுத் தாங்க. தேறிட்டேன்னு நீங்க சொன்ன பொறவு நான் கொடுக்கேன்."

பெண்கள் வார்டு நர்ஸ் ஆண்கள் மேஜைக்கு வந்த வழக்கம் இல்லை. அதிலும் அடிவயிற்றுக்குக் கீழே செய்யும் இந்த ஆபரேஷனுக்கு! டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு எழுந்து நேராக நோயாளியிடமே போனார். நானும் பின்னால் போனேன்.

விஷயத்தைக் கேட்ட மீனவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் மாட்டேன்னுட்டானா?" என்றார். பிறகு டாக்டரிடம், "யாரு நின்னா எனக்கென்ன ஐயா? நான் கண்ணு மூடிக் கெடக்கப் போறேன். வெக்கமெல்லாம் முழிச்சவனுக்குத்தானே" என்றார்.

நர்ஸம்மா வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அதன்பின் வாரத்தில் இரண்டு காலை எனக்குப் பாடம். முதலில் வெறுமனே நின்று பார்த்தேன். பிறகு நோயாளியின் கன்னப்பொறியில் விரல் வைத்து நாடி பார்த்தேன். நாக்கு உள்ளே விழுந்து மூச்சை அடைக்காதபடி தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கக் கற்றேன். மருந்து பட்டுத் தோல் வெந்துபோகாமல் முகத்தில் வாஸ்லின் தடவவும் கற்றேன். முதல் நாள் நான் வாய்க்குள் எண்ணுவதை நர்ஸம்மா கண்டுகொண்டார்.

"எண்ணாதேயும். குப்பியப் பாக்காதேயும். மூச்சக் கேளும்."

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நாற்பது பேருக்கு அவர் பக்கத்தில் நிற்க நான் கொடுத்த பிறகே டாக்டர், "இனி தனியா நில்லும்" என்றார். எண்ணாதே என்றாலும் அந்த நாற்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரிடம் ஒரு மாற்றம். யாருக்குப் புது வேலை கொடுத்தாலும், "தெரியுமா? இல்லேன்னா இப்பமே சொல்லணும்" என்பார். டிரெஸ்ஸர் ஒருமுறை "தெரியாது ஐயா" என்றதை நானே கேட்டேன். எனக்குச் சம்பளம் கூடியபோது வந்த சந்தோஷம் அதற்குப் பக்கத்தில் வராது.

இரண்டு வருஷம் கழித்து அந்த மீனவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை மறுபக்கத்துக் குடலிறக்கம். மேஜையில் படுத்தவர், மூக்கில் போடும் துணியைக் கையில் பிடித்துக் குனிந்த என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ அன்னைக்கு மாட்டேன்னவன்லா?"

"ஆமா."

"இப்பம் படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"அப்பம் சரி மக்கா, போடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூச்சைக் கேட்டபடி முதல் சொட்டை விட்டேன்.