எழுபது பாகை எந்தப் பக்கம்

புளியங்குளம் சந்தியில் கைருன்னிஸாவின் கடைக்குப் பெயர்ப்பலகை சின்னது. அதற்குக் கீழே அவளே எழுதித் தொங்கவிட்ட மட்டைதான் பெரிது. "ஊகித்துப் படம் கீறித் தரப்படமாட்டாது." வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவள் மட்டையைக் கழற்றுகிற ஆளில்லை.

ஆசிரியர்கள் வினாத்தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கணினியில் தட்டி, உருவங்களைப் புதிதாகக் கீறி, பிரதி எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். மட்டை போன வருடம் வந்தது. வட்டத்துக்குள் இரண்டு நாண்கள் வெட்டுகிற புள்ளியில் ஒரு எழுத்து. கணிதம் படிப்பிக்கிற சுமன் சேர் சரித்து எடுத்து அனுப்பிய படத்தில் அது D போலவும் இருந்தது, O போலவும் இருந்தது. கேட்டாள். "தெரியிற மாதிரி O எண்டே போடுங்கோ" என்றார். போட்டாள். O என்றால் மையம் என்று எண்ணிய பிள்ளைகள், இல்லாத ஆரைகளைச் சமப்படுத்தி மாய்ந்தார்கள். சுமன் சேர் வகுப்பு முழுக்கக் கேட்க, "அது தட்டெழுத்துப் பிழை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் சந்தி வரைக்கும் நடந்து வந்தது. இடம்பெயர்ந்து திரும்பிவந்து ஒற்றைக் கணினியோடு தொடங்கிய கடை. அடுத்த நாளே அவள் மட்டையை எழுதித் தொங்கவிட்டாள்.

இந்த வருடமும் அதே சுமன் சேர், அதே சரிந்த படம். நாளைக் காலை மாதிரிப் பரீட்சை. ABCD ஒரு வட்ட நாற்பக்கல், BC ஆனது E வரை நீட்டப்பட்டுள்ளது, படத்தில் உள்ள தரவைக் கொண்டு கோணம் BAD ஐக் காண்க. இம்முறையும் D, O போலத்தான் கிடந்தது. ஆனால் வினாவே நாற்பக்கல் ABCD என்று சொல்லிவிட்டதால் அதில் சிக்கலில்லை. சிக்கல் C இல் இருந்தது. 70° என்ற எண் CD கோட்டின் மேலேயே குந்தியிருந்தது. கோணத்தைக் காட்டும் வில் மங்கிப் போயிருந்தது. தாள் சுருண்டு, கைபேசியும் சரிந்ததில் CD நிமிர்ந்து நின்றது. இரு பக்கமும் ஒரே அளவாகத் தெரிந்தன.

எழுபது நாற்பக்கலுக்கு உள்ளே என்றால் எதிர்க்கோணம் BAD நூற்றுப்பத்து. வெளியே, E பக்கம் என்றால் BAD எழுபதேதான். வினாவின் சொற்களில் இதற்கு விடையில்லை. அவள் அழைத்தாள்.

"சேர், எழுபது உள்ளயோ வெளியயோ?"

"உள்ளதான். பாத்தாலே தெரியுதே."

"எனக்கும் உள்ள எண்டுதான் படுது. நீங்கள் தாளைப் பாத்தோ சொல்லுறீங்கள், இந்தப் போட்டோவைப் பாத்தோ?"

"போட்டோவைத்தான்" என்றார். தாள் கனகராயன்குளத்தில், அதை ஆக்கிய பிரேமிளா ரீச்சரிடம் இருந்தது. ரீச்சர் வகுப்பில், தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

"அக்கா, நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டைத்தானே சொல்லுறம். பிறகென்ன?"

"ஒரே போட்டோவைப் பாத்தால் ஒரே பிழைதான் வரும், சேர். தாளைக் கொண்டு வாங்கோ."

"இப்பிடியெண்டால் இனி எல்லாத் தாளையும் கிளிநொச்சிக் கடைக்குத்தான் குடுக்க வேணும்."

பரீட்சைத் தாள்கள் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பயம் வரத்தான் செய்தது. பயத்தை விட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"குடுங்கோ சேர். தாளைப் பாக்காமல் நான் கீறமாட்டன்."

மற்றப் பக்கங்களை முடித்தாள். அந்த வினாவுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டாள். கிளிநொச்சிக்குப் போயிருப்பார் என்றே நினைத்தாள். பொழுதுபடுகிற நேரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுமன் சேர் பிரேமிளா ரீச்சரின் தாளை மேசையில் வைத்தார்.

CD கோடு E பக்கமாக நன்றாகவே சாய்ந்திருந்தது. வில் CE இலிருந்து CD க்கு, பென்சிலில், தெளிவாக. எழுபது வெளியேதான்.

"நீங்களும் உள்ள எண்டுதானே சொன்னீங்கள்" என்றார் அவர். தோற்றாலும் தனியாகத் தோற்க மனமில்லை மனுசனுக்கு.

"ஓம் சேர். அதாலதான் கீறாமல் இருந்தனான்."

அவள் உருவத்தைக் கீறினாள். எழுபதைக் கோட்டை விட்டு விலக்கி, வெளியே, வில்லுக்குள் வைத்தாள். பிரதி இயந்திரத்தில் தாளை அடுக்கினாள். பொத்தானில் விரலை வைத்தவள் அழுத்தவில்லை.

"நாளைக்குப் பரீட்சைக்கு முதல் பிள்ளையளிட்ட ஒண்டு சொல்லுங்கோ. போனமுறை பிழை விட்டது தட்டெழுத்து இல்லையெண்டு."

சுமன் சேர் வாசலில் ஆடிய மட்டையைப் பார்த்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"சொல்லுறன்" என்றார்.

"வகுப்பு முழுக்கக் கேக்க?"

"ஓம். முழுக்கக் கேக்க."

அவள் பொத்தானை அழுத்தினாள்.