வடம் இல்லாமல் ஓடிய தேர்

லுணுகலையில் பதுளை ரோட்டோரமாக எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. படம் எடுக்க ஒருவர் கற்றுக்கொடுத்தார். படத்தைத் திருத்துவதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் செய்துபார்த்து, எது தப்பில்லாமல் வந்ததோ அதைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு. உண்மையைச் சொன்னால், படத்தைவிடப் படத்துக்கு வருபவர்கள் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். கல்யாணப் படத்தைக் காட்டி ஒரு அம்மா சொன்னார்: "மூஞ்சி என்னோடதுதாங்க, அந்தப் பரு மட்டும் அன்னைக்கு வந்த விருந்தாளி. அதை அனுப்பி வச்சிருங்க." இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடே வேண்டாம்.

போனிலேயே ஒரு தட்டில் வேண்டாததை அழிக்கிற வசதி வந்தபோது, என் பிழைப்பு போச்சு என்று பலர் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு நாய் நின்றால், அதற்காக யாரும் என் கடைக்கு ஏறி வரவேண்டியதில்லை. சுற்றிலும் புல், நடுவில் நாய். தட்டினால் அந்த இடத்தைப் போன் புல்லாலேயே நிரப்பிவிடும். பார்க்கிறவர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். ஒரு கண்சிமிட்டு நேரத்துக்கு அது போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சிக்கல் வந்தது ஒரு தேரால்.

ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு நான்தான் வருஷா வருஷம் படம் எடுப்பேன். தேருக்கு இரண்டு வடம். இரண்டையும் ஆம்பிளைகள்தான் பிடிப்பது வழக்கம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இந்த வருஷம்தான் வலது பக்க வடம் அவர்கள் கைக்கு வந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. ஃபெக்டரிக்கு முன்னால் ஒரு செங்குத்தான மேடு இருக்கிறது. அந்த மேட்டிலும் விடாமல் இழுத்தால் வடம் இனிமேல் அவர்களுக்கு. நடுவில் விட்டால் பழையபடி ஆம்பிளைகளுக்கு. பெண்களுக்கு முன்னால் நின்று இதைக் கேட்டு வாங்கியவர் மாதர் சங்கத் தலைவி. எல்லோரும் அவரைப் பெரியக்கா என்பார்கள். முப்பது வருஷம் மலையில் கூடை சுமந்தவர்.

இழுத்தார்கள். மேட்டில் நான் வலது பக்கம் நின்று எடுத்தேன். சாய்ந்த வெயில், பின்னால் தேர், முன்னால் பெரியக்காவும் பதினைந்து பெண்களும் வடத்தைப் பிடித்துச் சரிந்து நிற்கிறார்கள். இடது வடமும் ஆம்பிளைகளும் இவர்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். நல்ல படம். ஒரே குறை, வானத்தில் ஏழெட்டு கரண்ட் கம்பி.

கோயில் செயலாளர் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். கோயிலின் பேஸ்புக் பக்கம் அவர் கையில். அன்றைக்கே படம் வேண்டும் என்று நச்சரித்தார். கம்பிகளை எடுத்துவிட்டு இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், இருக்கிறபடியே வாட்ஸப்பில் போடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போட்டேன்.

அவர் போனில் படத்தைத் திறந்து அழிப்பானை அமுக்கியிருக்கிறார். கம்பிகளையெல்லாம் போன் தானே கண்டுபிடித்து நிறம் போட்டுக் காட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. இவரும் தட்டிவிட்டார். கம்பி போயிற்று. கூடவே வடமும் போயிற்று. போனைக் குறை சொல்ல முடியாது. அதன் கண்ணுக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளமாக, ஒல்லியாக ஓடுவதெல்லாம் ஒரே சாதி. வடம் இருந்த இடத்தில் சேலை நிறத்தையும் தார் ரோட்டு நிறத்தையும் நைசாகப் பூசி வைத்திருந்தது.

இப்போது படத்தில் தேர் தானாக மேடேறுகிறது. முன்னால் பதினாறு பெண்கள் வெறுங்கையை முஷ்டி பிடித்துக்கொண்டு, யாரையோ குத்தப்போகிறவர்கள்போல நிற்கிறார்கள்.

செயலாளர் அதைக் கவனிக்காமலே ஏற்றிவிட்டார். விடிவதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. "ஆத்தா தானா நடந்து வந்துட்டா" என்று ஒருவர் எழுத, அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் மட்டும், தேருக்கு என்ன மோட்டார் போட்டிருக்கிறீர்கள், எங்கள் கோயிலுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். பூனாகலைப் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆள்கள் வந்து தேர்க்கொட்டகையைத் திறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றதும் அவர்களுக்குப் பக்தி இன்னும் கூடிவிட்டது. செயலாளர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் கம்பியத்தாண்ணே அழிச்சேன். இப்ப இவ்வளவு பேரு அழுவுறாங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

மூன்றாம் நாள் பெரியக்கா கடைக்கு வந்தார். உட்காரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேசையில் வைத்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கை கிழிய இழுத்தது நாங்க தம்பி. அவ நடந்து வந்தாளாம்."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டிக் கூட்டம். வடம் இனி யாருக்கு என்று அன்றைக்குத்தான் முடிவு. மேட்டில் பெண்கள் கையை விட்டுவிட்டார்கள், இடது பக்கத்து ஆம்பிளைகள்தான் இழுத்து முடித்தார்கள் என்று சிலர் கிளம்பியிருந்தார்கள். அத்தாட்சி, பேஸ்புக் படம். பார், கையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். போனில் வீடியோ எடுத்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள்; நாலு பேரும் அம்மன் முகத்துக்குக் கிட்டே போய் எடுத்திருந்தார்கள். கண்ணால் பார்த்த இவ்வளவு பேர் இருக்கிறோமே என்று பெரியக்கா கேட்டதற்கு ஒருவர் சொன்ன பதிலை நான் இன்னும் ரசித்துக்கொண்டிருக்கிறேன்: "கண்ணு மறந்துரும்க்கா. பேஸ்புக்குத்தான் வருஷா வருஷம் ஞாபகப்படுத்தும்."

கவலைப்படாதீங்க, அசல் என்னிடம் இருக்கிறது என்றேன். அதோடு நின்றிருக்கலாம். தொழில் திமிர் விடவில்லை. கோயில் மண்டபத்தில் பெரிதாக மாட்டுகிற மாதிரி கம்பியை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று இரண்டு மதியம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அசலைத் தொடாமல் அதன்மேல் ஒரு வெற்று அடுக்கு விரித்து, வானத்துக் கம்பிகளைப் பக்கத்து வானத்தாலேயே தடவி மறைத்தேன். கம்பி கலசத்தைக் கடக்கும் இடத்தில் கலசத்தின் விளிம்பைத் தனியாக வெட்டிக் காத்து, பின்னால் நின்ற சவுக்கு மரத்து இலைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இலையையே நகலெடுத்து வைத்தேன். சுவரில் மாட்டினால் கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் இந்தப் பாடு.

ஞாயிறு கூட்டத்துக்கு லேப்டொப்போடு போனேன். கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. அசலையும் காட்டினேன், திருத்தியதையும் காட்டினேன். தலைவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா கம்ப்யூட்டர்ல ஒக்காந்து வேலை பார்த்தீங்களாமே?"

ஆமாங்க என்றேன்.

"அப்ப வடத்த நீங்க வரைஞ்சிட்டீங்க."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து செய்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செயலாளர் போனில் ஒரே தட்டு, அதற்குள் பொய் சொல்ல ஏது நேரம்? கெமராவைக் காட்டு என்றார்கள். கார்டை நான் வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டிருந்தேன். செயலாளரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

பெரியக்கா எழுந்து போய் செயலாளர் கையிலிருந்த போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். இன்னும் விரித்தார். பெரிதானதும் பூச்சு வேலை தெரிந்தது. ஒருத்தியின் நாலு விரல் ஒட்டி ஒரே விரலாகியிருந்தது, இன்னொருத்தியின் சேலைக் கரை பாதியில் கரைந்திருந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை. கீழே ரோட்டுக்கு இறக்கி, தலைவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வடம் இல்லைன்னா இது யாரு நெழலுங்க?"

தார் ரோட்டில், பெண்களின் காலோடு காலாக, சாய்ந்த வெயிலில் வடத்தின் நிழல் நீளமாகக் கிடந்தது. தொங்கும் இடத்தில் தொங்கி, கை பிடித்த இடத்தில் உயர்ந்து, முழுசாக. போன் பொருளைத்தான் அழித்திருக்கிறது, அதன் நிழலை விட்டுவிட்டது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எவ்வளவு பேருக்கு நாற்காலியையும் அதன் நிழலையும் சேர்த்து அழித்துக் கொடுத்திருக்கிறேன். இங்கே பார்க்கத் தோன்றவில்லை.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்போது செயலாளர், பழக்கதோஷம்தான், வேறென்ன சொல்வது, உதவி செய்கிற முகத்தோடு முன்னால் வந்தார்.

"அதையும் எடுத்துரலாங்க. ஒரு தட்டுதான்."

யாரும் தடுப்பதற்குள் நிழல்மேல் விரலை ஓட்டித் தட்டிவிட்டார். போன் சற்று யோசித்தது. நிழல் போயிற்று. நிழல் காலோடு ஒட்டிக் கிடந்ததால் கால்களும் போயின. பதினாறு பெண்கள் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ரோட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தார்கள்.

போன் கை மாறி மாறிச் சுற்றியது. பெரியக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆத்தா நடந்து வர்றா. நாங்க பறந்து வர்றோம். இப்பிடியே விட்டா அடுத்த வருசம் தேரே வேணாம்."

முதலில் சிரித்தது தலைவர்தான். சிரித்து முடிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு செயலாளரைக் கூப்பிட்டு, வலது வடம் இனிமேல் பெண்களுக்கு என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். பெண்கள் கையை விட்டார்கள் என்று கிளம்பியிருந்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். கால் போன படத்தை மறுபடி காட்டியதும் அடங்கிவிட்டார்கள்.

பேஸ்புக்கில் உடனே மாற்றிப் போட வேண்டும் என்றார்கள். என் பெரிய ஃபைலை ஏற்றவா என்று கேட்டார் செயலாளர். தேவையில்லை என்றேன். நான் முதலில் அனுப்பிய படம் அவர் வாட்ஸப்பில் அப்படியே கிடந்தது; கூட்டத்தில் அதைக் காட்ட எனக்கும் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. அதை அவர் போனிலேயே திறந்து, போன் காட்டிய யோசனையை ஒதுக்கிவிட்டு, வானத்துக் கம்பிகளை மட்டும் விரலால் தடவித் தட்டினேன். கலசத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கலங்கியது. போனில் பார்க்கிறவர் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. கூட்டம் கலைவதற்குள் ஏற்றியாயிற்று. பழைய படம் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாரால் பிடிக்க முடியும்.

சுவருக்கு மட்டும் கம்ப்யூட்டர் படத்தை மூன்றடி அகலத்தில் அடித்து, கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மண்டபத்தில் மாட்டிய அன்று பெரியக்கா கிட்டே போய், வடத்தின்மேல் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். இன்னொரு தட்டுத் தட்டினார். பிறகு பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, "போவல. வாங்க, வந்து பாருங்க" என்றார்.