214-ஆம் அறை, மூன்று மணி வரை

அப்பா அபுந்தியோ ஒலிவேரா, வெராக்ரூஸ் துறைமுகத்தருகே ஒரு ஓட்டலில் இருபத்தேழு ஆண்டுகள் வரவேற்பு மேசையில் நின்றார். அறையைத் தாமதமாகக் காலி செய்ய அனுமதி கேட்பவர்களை ஒரே வாக்கியத்தில் எடை போடுவார்.

"கேக்குறவன் அறை நம்பர், மணி, தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தை, இதோட நிறுத்தணும். கதை சொல்ல ஆரம்பிச்சா, இல்லேன்னு சொல்ல நானும் ஒரு கதை தேடுவேன்" என்பார்.

பெட்டி தூக்கும் சாவினோ சீண்டுவார்: "போன வாரம் அழுத கிழவிக்கு நாலு மணி வரைக்கும் குடுத்தியே, அது என்ன கதை?"

"அவ கதையே சொல்லலடா. அழுதா, அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை பூவெப்லா மருத்துவமனையில் அப்பா இறந்தார். வியாழக்கிழமை நானும் அம்மாவும் மருத்துவமனைக்கு எதிர்த்தெரு ஓட்டலில், இரண்டாம் மாடியில் 214-ஆம் அறையில் இருந்தோம். லிஃப்ட் இல்லை. அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் சுவரில் செருகியிருந்தது. அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அப்பாவை ஊருக்குக் கொண்டுபோகும் சவவண்டியின் ஆட்கள் இரண்டரைக்கு வந்துதான் அம்மாவை நாற்காலியோடு இறக்க முடியும். அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் பன்னிரண்டு. நான் மருத்துவக் கருவிப் பொறியாளர். நேரக் கணக்கை மூன்று முறை போட்டும் அதே விடைதான் வந்தது.

முந்தைய மாலையே கேட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பதினொன்று இருபதுக்குக் கீழே இறங்கினேன். மேசையில் யரேலி என்ற பெண்.

"காலை வணக்கம். 214-ஐ இன்னிக்கு மூணு மணிக்குக் காலி பண்ணலாமாங்க, தயவுசெஞ்சு?"

அப்பா சொன்ன அதே முறை. ஒரு சொல் கூட அதிகமில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். "ஒரு மணி வரைக்கும் தரலாம், செனோரா. ரெண்டு மணிக்கு அந்த அறைக்கு ஆள் வருது. சுத்தம் பண்றவங்களும் மூணு மணிக்கு வேலை முடிச்சுப் போயிடுவாங்க."

"சரி" என்றேன். நகரவில்லை. பின்னால் ஒருவர் பெட்டியை உருட்டினார். ஒரு காரணம் சொல்ல வேண்டும், சொல்லக் கூடாது. சொன்னால் அப்பா இறந்தது உண்மையாகிவிடும். இரண்டு நாட்களாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வேற எதாவது வேணுமா, செனோரா?"

"அப்பா செத்துட்டாரு. மேல அம்மா. இறங்க முடியல."

யரேலி தொலைபேசியை எடுத்து, அறைகளைச் சுத்தம் செய்பவரை அழைத்தாள். "தோன்யா குகா, வர்றவங்களுக்கு 209-ஐத் தர்றேன். அதை முதல்ல பாருங்க. 214-ஐத் தொடாதீங்க, நாளைக்குக் காலையில போதும்." பிறகு என்னிடம், "மூணு மணி வரைக்கும் இருங்க. வண்டி வந்ததும் கீழேருந்து கூப்பிடுறேன்."

வண்டி இரண்டு ஐம்பதுக்கு வந்தது. அந்த மூன்றரை மணி நேரமும் அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இயந்திரத்தின் ஒலியை எண்ணிக்கொண்டு, அவருடைய கட்டிலின் விளிம்பிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.