இருசப்பன் வீட்டில் வாசித்த ஒரு பக்கம்

அன்னம்மா தவுகே முளைப்பயறின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். புக்கிட் ரோத்தான் ஊரில் காலையில் மீ நூடுல்ஸ் பிரட்டி விற்கிறாள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. அதற்கு முன்பு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினாள். ஒருநாள் காலைப் பெரட்டு வரிசையில், வேலைக்கு நின்ற அறுபது பேர் பார்க்க, வேலையை மேற்பார்த்த மண்டோர் இருசப்பன் அவள் பையைத் தரையில் கொட்டினார். பழம் திருடுகிறாளாம். விழுந்தது சோற்று டப்பாவும் ஒரு மாற்றுச் சட்டையும். தப்பு என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை.

மகள் விஷாலினி காலேஜில் படமெடுக்கப் படிக்கிறாள். வகுப்புக்கு எட்டு நிமிட ஆவணப்படம். கேமராவைத் தொடுமுன் ஒரே பக்கத்தில் ட்ரீட்மெண்ட் எழுத வேண்டும்: யாரைப் பற்றி, திரையில் என்ன தெரியும், எங்கே, யார் அனுமதித்தார்கள். 'தோட்ட மக்களின் வாழ்க்கை' என்று அவள் எழுதியதை விரிவுரையாளர் அடித்துத் திருப்பிவிட்டார். ஓர் ஆளைப் பிடி, உன்னை உள்ளே விடும் இடத்தைச் சொல் என்றார்.

தோட்ட ஆபீஸ் விடவில்லை. ரோட்டில் நின்று தோட்டத்து கேட்டைப் படமெடுக்கலாம், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற இருசப்பன் மட்டும் தன் நாற்பது வருட வேலையைப் படமாக்க இரண்டு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"கேமராவ வச்சிட்டு என்னக் கூப்புடு. நான் கேக்குறேன் அவன," என்றாள் அன்னம்மா.

"முடியாதும்மா. நடக்கப் போறத இந்தப் பக்கத்துல எழுதணும். அவருக்கு முழுசா படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும். ஒளிச்சா சார் ஃபெயில் பண்ணிருவாரு லா."

"போடலன்னா?"

"அவரு படம் இல்ல. மீ பிரட்டுற உங்களத்தான் எடுக்கணும்."

அன்னம்மாவின் விரல்கள் நின்றன. "முழுசா, சத்தமா படிக்கணுமா?"

"ஆமா."

"அப்ப எழுது. ஒண்ணும் விடாத."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். இருசப்பன் புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தார். மகன் அழகேசனையும் சம்பந்தி வீட்டாரையும் வாசிப்பதைக் கேட்கக் கூட்டியிருந்தார்.

"வா அன்னம்மா! நீயும் நடிக்கிறியா?"

"எனக்கும் ஒரு எடம் இருக்கு மண்டோரே."

விஷாலினி வாசித்தாள்.

"இருசப்பன் வாசலில் பூட்ஸைத் துடைக்கிறார். ரோட்டிலிருந்து தோட்டத்து கேட் தெரிகிறது. ஆட்களை எப்படி வரிசையில் நிறுத்தினார் என்று அவர் சொல்கிறார்."

"அப்படித்தான்! படி, படி."

"அன்னம்மா வந்து எதிரே உட்காருகிறாள். 'அறுபது பேர் முன்னால் என் பையைக் கொட்டினீர்கள். பழம் இல்லை. ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?' என்கிறாள். பதில் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கேமரா காத்திருக்கிறது."

சம்பந்தியம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"யப்பா," என்றான் அழகேசன், "கையும் களவுமா புடிச்சேன்னுதானே எங்ககிட்ட சொன்னீங்க?"

அன்னம்மா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "கையெழுத்து போடுங்க மண்டோரே. அவசரமில்ல."

இருசப்பன் பேனாவைத் தொடவில்லை. மகனைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

"நாப்பது வருஷம் ஒழச்சேன். அத ஒருத்தராவது சொல்ல மாட்டீங்களா?"

அழகேசன் அந்தப் பக்கத்தை வாங்கி மறுபடி படித்தான். அவர் கையெழுத்துப் போடாமலே எழுந்து உள்ளே போனார்.