குறைந்துபோன அறுபத்தோரு கிலோ

சகாயசெல்விக்கு மளிகைக் கடையின் பின்கட்டுக் குடோன் பிடிக்கும். மத்தியானம் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கும். பருப்புத் தூசி அதில் மெல்ல மிதக்கும். மல்லியும் மிளகும் கலந்த வாசனையில் கண் சொருகும். இருப்பு நோட்டு எழுதும் வேலையில் சேர்ந்து ஆறு வருஷமாகியும் அந்த மயக்கம் தீரவில்லை.

2002 மார்ச் கடைசியில், மூன்று மாசத்துக்கொருமுறை செய்வதுபோல, சரக்கை எடை போட்டபோதுதான் அது கலைந்தது. நோட்டில் துவரம்பருப்பு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. தராசில் முந்நூற்று ஐம்பத்தொன்று. கம்பெனிப் பாக்கெட்டாக வரும் ஏலக்காயிலும் பதினேழு பாக்கெட்டைக் காணோம்.

"பருப்பு மூட்டையில கை வைக்கிறது இஞ்ஞாசி மட்டுந்தானே. நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரு" என்றார் முதலாளி அப்துல் ஜப்பார்.

மூட்டை பிரித்துப் பொட்டலம் போடும் இஞ்ஞாசி வாசலில் நின்றார்.

"ரெண்டு வாரம் பொறுங்க பாய். எது எப்படிப் போச்சுன்னு பிரிச்சுப் பார்த்துர்றேன்" என்றாள் சகாயசெல்வி.

பழைய ரசீதுகளைப் பரப்பி உட்கார்ந்தாள். அந்தப் பழுப்புத் தாள்களுக்குள் மூன்று மாசமும் மறுபடி நடப்பதுபோல இருந்தது. பிப்ரவரித் தாள் ஒன்றில், வண்டு விழுந்ததென்று மண்டிக்குத் திருப்பிய ஐம்பது கிலோ மூட்டை. நோட்டில் கழிக்கவேயில்லை. கழிக்காதது அவள்தான். கன்னம் சுட்டது.

மிச்சம் பதினொரு கிலோ. புது மூட்டை ஒன்றை நிறுத்து இஞ்ஞாசியிடம் கொடுத்தாள். அவர் புடைத்துப் பொட்டலம் போட்டதும் மறுபடி நிறுத்தாள். தூசி, நொய், சிந்தல் என்று அரைக்கிலோ குறைந்தது. இன்னும் இரண்டு மூட்டையிலும் ஏறக்குறைய அதே கணக்கு. டிசம்பர் கடைசியில் எடை போட்ட பிறகு பிரித்தவை இருபத்திரண்டு மூட்டை. பதினொரு கிலோ சரியாகப் போனது.

ஆனால் மூடிய ஏலக்காய்ப் பாக்கெட் சிந்தாது, காயாது. வரவு ரசீதையும் விற்ற பில்லையும் இரண்டு தடவை கூட்டினாள். எழுத்தில் பிழையில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஏலக்காயை எண்ணிப் பில்லோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்பது நாள் ஒத்துவந்தது. பத்தாம் நாள் மாலை இரண்டு குறைந்தது. அன்று இஞ்ஞாசி கீரனூரில், அக்கா வீட்டு விசேஷத்தில்.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள்: "பருப்பு என் எழுத்துத் தப்பும் சேதாரமுந்தான், பாய். ஏலக்காய் களவு. இன்னைக்கு ஏலக்காய் அலமாரிப் பக்கம் போனது நானும் அருள்நாதனும் மட்டும். மொதல்ல என் பையப் பாருங்க."

பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, பஸ் டிக்கெட்டு.

பாக்கெட் சரக்கு பார்க்கும் அருள்நாதன் அங்கேதான் நின்றான். தன் பையைத் திறக்கச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. இரண்டு பாக்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். முன்பு காணாமல்போன பதினேழும் தான் எடுத்ததுதான் என்றான். மறுநாள் அவன் வரவில்லை.

முதலாளி காலையில் நேரே குடோனுக்குப் போனார். "இஞ்ஞாசி, அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காத" என்றார்.

"சரி பாய்" என்றார் இஞ்ஞாசி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் குரலில் பழைய நெருக்கம் இல்லை. சகாயசெல்வி அதைக் கேட்டபடியே, வெயில் விழுந்த இடத்தில் நின்று, திருப்பிய சரக்குக்கென்று புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.