அகராதியில் இல்லாத கீத்திரை

எங்கள் அறையில் எட்டு மேஜை, எட்டு ஹெட்போன். ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் வரும். நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் டாக்டருக்கும், டாக்டர் சொல்வதைத் தமிழில் நோயாளிக்கும் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் பிழைப்பு. ஜன்னலோர மேஜை அக்காவுடையது. பேச்சை நறுக்கென்று வெட்டிக் கொடுப்பதால் நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

"காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லீங்க" என்று நோயாளி சொன்னால் அக்கா "நோ ஃபீவர்" என்று முடித்துவிடுவார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"கீய்ச்சலை எங்கக்கா விட்டீங்க?"

"அகராதியில இருந்தா கொண்டா, சேத்துக்கறேன்."

"காய்ச்சலும் அதோட சொந்தக்காரங்க எல்லாரும் அதுக்குள்ள இருக்காங்க. 'ஃபீவர் ஆர் எனிதிங் லைக் தட்'னு சொல்லணும்."

"டாக்டருக்கு உன் சொந்தக்காரங்களை எல்லாம் விசாரிக்க நேரமில்லடி."

டாக்டர்களும் அக்காவைத்தான் கேட்டு வாங்குவார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் பேசிய பதிவைத்தான் போட்டுக் காட்டுவார்கள். புருஷன் விட்டுப் போன வீடு. மகள் கல்லூரியில் கடைசி வருஷம். இந்த வேலை ஒன்றை வைத்துத்தான் அக்கா தலை நிமிர்ந்து நடந்தார். அதனால் நானும் அதற்கு மேல் வாயாடவில்லை. வாயாடியிருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஒரு நாள் மேலாளர் ஒரு பதிவைக் கொண்டுவந்து, இரண்டு மொழியிலும் வரிக்கு வரி எழுதச் சொன்னார். வயிற்றில் ஆபரேஷன் ஆகி, ரத்தம் நிற்காமல் இறந்துபோன ஒரு லாரி டிரைவர். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிய பொடியை மாசக்கணக்கில் வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். அது ரத்தத்தை உறையவிடாதாம். நோயாளி அதை மறைத்துவிட்டார் என்கிறது ஆஸ்பத்திரி. அவர் மனைவி கேட்டதால் விசாரணை.

ஹெட்போனை மாட்டினேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று நர்ஸ் கேட்கிறார். கரகரத்த ஆண் குரல் நிதானமாகச் சொல்கிறது: "மாத்திரை கீத்திரை எல்லாம் சாப்பிடுறேம்மா. சீட்டு பையில இருக்கு." அடுத்து அக்காவின் குரல், சுத்தமாக: "ஐ டேக் டேப்லெட்ஸ். த லிஸ்ட் இஸ் இன் மை பேக்." சீட்டில் இரண்டே மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அக்காவை டீக்கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஒரு வார்த்தையை எழுதாம விட்டுடவாக்கா? யாருக்கும் தெரியப்போறதில்ல."

அக்கா டீயைத் தொடவில்லை. திரும்பி வந்து, என் ஹெட்போனை வாங்கி, இரண்டு தரம் கேட்டார்.

"எழுதுடி."

"வேலை போயிடும்க்கா."

"அவரு பாவம், சொல்லியிருக்காருடி. எழுது."

விசாரணை அறையில் நீள மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி. டிரைவரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் மேலாளர் அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கீத்திரை என்பது அர்த்தமில்லாத ஓசைதானே என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அக்கா தப்பித்திருப்பார்.

"தனியாக நின்றால் அர்த்தமில்லை" என்றார் அக்கா ஆங்கிலத்தில். "மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தால் உண்டு. மாத்திரையும் அதுமாதிரி மற்றவையும் என்று பொருள். 'டேப்லெட்ஸ் அண்ட் திங்ஸ் லைக் தட்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், வேறு என்ன என்று நர்ஸ் கேட்டிருக்கக்கூடும். பதினாறு வருஷமாக நான் இதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் பேசுகிறேன்."

மேலாளர் தலை குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தார். அக்கா எழுந்து அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதையே தமிழில் சொன்னார். ஒன்றையும் வெட்டவில்லை.

"அப்போ அவரு மறைக்கலையா?"

"மறைக்கலம்மா. சொன்னாரு. நான்தான் விட்டுட்டேன்."

அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அக்காவும் அதற்காகத்தான் காத்திருந்தார். அந்த அம்மாவோ கைப்பையைத் திறந்தார், மூடினார்.

"ஏன்யா மறைச்சேன்னு மூணு மாசமா அவரு போட்டோகிட்ட பேசாம இருக்கேன்" என்றார். "இன்னிக்குப் போய்ப் பேசணும்."