வட்ட வாட்ச்சின் ஓரத்தில் மறைந்த எண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் முருகன் முன்னால் நின்று, இந்த மாதம் எழுதிவிடுகிறேன் அப்பனே என்பேன். வீட்டுக்கு வந்தால் கை வராது. எழுதினால் என் மனைவி படிப்பாள். அதுதான் பயம்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். அது மூடியதும், அதே எஸ்டேட்டில் மாடியில் நடந்த சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. புரோகிராம் எழுதத் தெரியாது. அவர்கள் செய்வதைப் பார்த்து, சரி என்றால் ஷீட்டில் 'பாஸ்', தப்பு என்றால் 'ஃபெயில்' என்று போடவேண்டும். அதற்குச் சம்பளம் கொடுத்த சாமியை இன்றும் கும்பிடுகிறேன்.

நாங்கள் செய்தது இன்சுலின் போடுகிறவர்களுக்கான ஆப். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் அளவை மாற்றினால், அது நோயாளியின் போனுக்கு வந்து, அங்கிருந்து கையில் கட்டிய வட்ட வாட்ச்சுக்குப் போகும். என் மனைவிக்கும் சர்க்கரை. எங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் டாக்டரிடம்தான் அவளைக் காட்டுகிறோம். அதனால் மேனேஜர், "ஆபீஸ்ல இருக்கிற ஒரே வாட்ச்சை உங்க வீட்டம்மா கட்டிக்கட்டும், நிஜமான ட்ரையல் ஆச்சு" என்று கொடுத்தார். எதிலும் எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான். அவளுக்கோ பெருமை. கோவில்பதாகையில் எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படி ஒன்று கட்டியதில்லை. ஆப் மட்டும் என் போனில் இருந்தது, அவளுடையது பட்டன் போன் என்பதால்.

வாட்ச் வீட்டுக்குப் போனபிறகு ஆபீசில் தொட்டுப் பார்க்க நிஜ வாட்ச் இல்லை. மானிட்டரில் ஒரு மாதிரி வாட்ச் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து என் ஷீட்டில் தானே ஒட்டிவிடும்படி ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தார்கள். படம் இல்லாத வரிக்கு பாஸ் கிடையாது. படம் இருந்தால் பாஸ். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. நான் படங்களை மட்டும் பார்த்தேன்.

புது வெர்ஷன் வந்தது. முன்பு திரையின் நடுவில் பெரிதாக இருந்த அளவை, கீழ்வரிக்கு இறக்கிவிட்டு, நடுவில் மருந்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். படத்தில் '18 யூனிட்' என்று பளிச்சென்று இருந்தது. பாஸ் போட்டேன். அவள் வாட்ச்சிலும் அந்த வெர்ஷனை நானே ஏற்றினேன்.

அதுவரை அவளுக்குப் பதினாறு யூனிட். அன்று மாலையே டாக்டர் பதினெட்டாக ஏற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் அவள் வாட்ச்சைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, டாக்டரு எட்டாக் கொறச்சிட்டாருங்க! பாதிக்குப் பாதி!"

"எல்லாம் முருகன் செயல்" என்றேன். என் போனைத் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கே கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஒன்பது நாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். "நாக்கு கல்லாட்டம் கீதுங்க" என்பாள். வெயில்தான் என்று நினைத்துக்கொண்டோம். பத்தாம் நாள் காலை அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விரலைக் குத்திப் பார்த்தால் நானூறுக்கு மேல். கையைப் பிடித்து வாட்ச்சைப் பார்த்தேன். '8 யூனிட்'. குறை ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் என் கட்டைவிரல் பட்டுத் திரை மேலே நகர்ந்தது. கீழ்வரி நடுவுக்கு ஏறியது. ஏற ஏற, எட்டுக்கு இடதுபக்கம் ஓரத்திலிருந்து ஒரு '1' வெளியே வந்தது.

"இன்னாங்க அது?" என்றாள்.

நான் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினேன்.

ஆட்டோவில் ஆவடிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ட்ரிப் ஏற்றினார்கள். மச்சினி வந்ததும் அவளிடம் விட்டுவிட்டு ஆபீசுக்கு பஸ் ஏறினேன். அன்று பிற்பகல் அந்த வெர்ஷன் அந்த டாக்டரின் எல்லா நோயாளிகளுக்கும் போகவேண்டிய நாள். ஷீட்டில் என் பாஸ் இருக்கிறது. கூட்டத்தில் மூச்சுவிட முடியவில்லை. இறங்கவும் பயம், இறங்காமலிருக்கவும் பயம்.

டெவலப்பர் தம்பி திருநெல்வேலிக்காரன். ஷீட்டைத் திறந்து காட்டினான். "எண்ணே, படத்துல பதினெட்டு முழுசா இருக்குல்லா?"

இருந்தது. சதுரமான படம். நாலு மூலையும் இருந்தது. வாட்ச் வட்டம் என்றாலும் உள்ளே திரையைச் சதுரமாகத்தான் வரைகிறது. படமும் சதுரமாக வருகிறது. மூலையில் விழுவது படத்தில் இருக்கும், கண்ணாடியில் இருக்காது. கறுப்புத் திரை, கறுப்பு விளிம்பு. வெட்டுப்பட்டதற்கு அடையாளமே கிடையாது.

நான் வாட்ச்சைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தேன். மேஜையில் வைத்தேன். தம்பி குனிந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாப் பக்கமும் பத்து பிக்சல் இடம் விட்டுருக்கேன்ணே. சதுர வாட்ச்சுக்கு எழுதினது. நடுவரில வட்டம் அகலமா இருக்கு, பத்து போதும். கீழ போகப்போக ஒடுங்குது, எழுத்து அதே இடத்துல ஆரம்பிக்குது." டிபன் பாக்ஸ் மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சதுரம் வரைந்தான். "இதுக்குள்ள நின்னா வெட்டே வராது. அதுக்கு ஒவ்வொரு பக்கமும் அகலத்துல நூத்துக்குப் பதினஞ்சு விடணும். பத்து பிக்சல்னு இல்ல, பங்குன்னு எழுதணும். அப்பத்தான் எந்த அளவு வாட்ச்சுக்கும் பொருந்தும்."

மேனேஜர் கதவைச் சாத்தினார். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுவோம். இன்னைக்கு நிறுத்தினா க்ளையன்ட் என்னைத் தொலைச்சிடுவான். பாஸ் போட்டது நீங்க. வாட்ச் எங்கே இருந்துச்சுன்னு கேட்டா உங்க வீடுன்னுதான் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் முகம் தெரியாத எத்தனை பேர் எட்டு போட்டுக்கொள்வார்கள்? பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு பீஸையும் கையில் எடுத்து, அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்த்தவன் நான். இங்கே மட்டும் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தட்டி அனுப்பியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வேண்டுதல் கூட வரவில்லை. கல்லாட்டம் காய்ந்த அவள் நாக்கு மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

பாஸை அழித்து ஃபெயில் என்று போட்டேன். பக்கத்தில், 'உண்மையான வாட்ச்சில் பார்க்கவில்லை. வாட்ச் என் வீட்டில் இருந்தது' என்று தமிழிலேயே எழுதினேன்.

"சார், நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க" என்றேன்.

அன்றைக்கு அனுப்பவில்லை. தம்பி பங்கு கணக்கில் இடம் விட்டு, அளவை மறுபடி நடுவுக்கு ஏற்றினான். என்னை டெஸ்டிங்கிலிருந்து எடுத்து பில் டைப் அடிக்கப் போட்டார்கள். அதுவும் தண்டனைதான். ஆனால் வேலை இருந்தது.

அவள் நாலாம் நாள் வீடு திரும்பினாள். அப்போது மரத்துப்போன இடதுபாதம் இன்றும் முழுதாகத் தெளியவில்லை. வாட்ச்சில் தப்பு வந்துவிட்டது என்று ஆபீசில் சொன்னார்கள் என்றேன். "பாவம், அந்தப் புள்ளைங்க வேணும்னேவா செஞ்சிருப்பாங்க?" என்றாள். நீ நம்பிப் போட்ட எட்டுக்குப் பாஸ் போட்ட கை என் கைதான் என்று சொல்லவில்லை. மூன்று வருடமாக அவள் பாதத்துக்கு எண்ணெய் தடவுகிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைப்பேன், எண்ணெய்ப் பாட்டிலை மூடி வைத்துவிடுவேன்.

இதை முடித்ததும் முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. கந்தனுக்குத்தான் தெரியும். படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு, 'பாவம், தெரியாமல் நடந்தது' என்று சேர்க்காதீர்கள். பார்க்காமல் பாஸ் போட்டேன், போனைத் திறக்காமல் தேங்காய் உடைத்தேன். அந்த இரண்டையும் குறைக்காமல், கூட்டாமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.